பதினோரு சான்றிதழும் ஒரு நூலக ப்ராஜெக்டும்

"பி.எஸ்சி. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டேட்டா அனாலிசிஸ் இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டு மாதமாக விண்ணப்பிக்கிறேன், ஒரு பதிலும் வரவில்லை. வேலை அனுபவம் என்று எனக்கு எதுவும் கிடையாது. வகுப்பில் செய்த ஒரு ப்ராஜெக்ட், போட்டோகிராபி கிளப்பில் பொருளாளர் பொறுப்பு, சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது, பதினோரு ஆன்லைன் சான்றிதழ்கள், இவ்வளவுதான். ரெஸ்யூமையும் ப்ராஜெக்ட் அறிக்கையையும் இணைத்திருக்கிறேன். அனுபவமே இல்லாதபோது ரெஸ்யூமில் எதைத்தான் எழுதுவது?"
— ஒரு மாணவி

உங்கள் இரண்டு கோப்புகளில் ப்ராஜெக்ட் அறிக்கையைத்தான் முதலில் திறந்தேன். நல்லவேளை! அதை எழுதிய பெண்ணை நான் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருப்பேன். ரெஸ்யூமை மட்டும் பார்த்திருந்தால் அடுத்த விண்ணப்பத்துக்குப் போயிருப்பேன். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவை என்பதே ரெஸ்யூமிலிருந்து தெரியவில்லை.

என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். முதல் பக்கத்தின் மேல்பாதியில் ஒரு புகைப்படம், 'சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்' என்ற நோக்க வாசகம், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், முழு வீட்டு முகவரி. அதற்குக் கீழே பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் அட்டவணை. அப்புறம் பதினோரு சான்றிதழ்கள். ப்ராஜெக்ட் வருவது இரண்டாம் பக்கத்தின் நடுவில், அதுவும் ஒரே வரியில்: "மினி ப்ராஜெக்ட்: எக்செல், ஆர் கொண்டு நூலகத் தரவுகளின் புள்ளியியல் பகுப்பாய்வு. குழு: 4 பேர்."

இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்களைச் சலிப்பவர் முதல் சுற்றில் முதல் பக்கத்தின் மேல்பாதியைத்தான் ஒழுங்காகப் பார்ப்பார். அங்கே அவர் தேடுவது மூன்றே விஷயம்: என்ன படிக்கிறார், இந்த வேலைக்கு நெருக்கமாக எதையாவது செய்து பார்த்திருக்கிறாரா, எப்போது வர முடியும். உங்கள் மேல்பாதியில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. ஆகவே புகைப்படம், நோக்க வாசகம், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், அடியில் இருக்கும் உறுதிமொழி எல்லாம் போகட்டும். விளம்பரத்தில் குறிப்பாகக் கேட்டிருந்தால் மட்டும் கொடுங்கள். முகவரிக்கு ஊர்ப் பெயர் போதும். பள்ளி மதிப்பெண்ணுக்கு ஒரு வரி கொடுத்தால் அதிகம். இதைச் செய்தாலே ரெஸ்யூம் ஒரு பக்கத்துக்கு வந்துவிடும். மாணவருக்கு அந்த ஒரு பக்கம்தான் அளவு.

இனி ப்ராஜெக்டுக்கு வருவோம். நீங்கள் கேட்ட 'எதை எழுதுவது' என்பதற்குப் பதிலில் பெரும்பங்கு அங்கேதான் கிடக்கிறது.

அறிக்கையில் நான் படித்தது இது. கல்லூரி நூலகத்தின் இரண்டு செமஸ்டர் கடன் பதிவுகள், 1,840 வரிகள். அவற்றில் இருமுறை பதிவானவையும் திருப்பிய தேதி இல்லாதவையுமாக 128 வரிகளை நீக்கியிருக்கிறீர்கள். மீதி 1,712. தேர்வு மாதத்தில் எடுத்த புத்தகங்களில் 38 சதவீதம் தாமதமாகத் திரும்பியிருக்கின்றன. மற்ற மாதங்களில் அது 21 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலா என்று கை-ஸ்கொயர் சோதனை செய்து பார்த்திருக்கிறீர்கள். தேர்வு மாதத்தில் நினைவூட்டல் மின்னஞ்சலை இரண்டு நாள் முன்கூட்டியே அனுப்பலாம் என்ற பரிந்துரையோடு நூலகருக்கு ஒரு பக்கச் சுருக்கமும் கொடுத்திருக்கிறீர்கள். இவ்வளவையும் 'பகுப்பாய்வு' என்ற ஒரே வார்த்தைக்குள் போட்டு மூடிவிட்டீர்கள்!

டேட்டா வேலைக்கு இன்டர்ன் எடுப்பவருக்கு மேலே இருப்பதில் எது கண்ணில் படும் தெரியுமா? சோதனையின் பெயர் இல்லை. அந்த 128 வரிகள். அலுவலகத்துக்கு வரும் தரவு பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் சுத்தமாக இருக்காது. இன்டர்னின் முதல் சில வாரங்கள் பெரும்பாலும் அதைச் சுத்தம் செய்வதில்தான் போகும். எதை நீக்குவது, ஏன் நீக்குவது என்று ஏற்கெனவே ஒருமுறை முடிவெடுத்தவர் என்பது பெரிய விஷயம். அதனால் அதை வெளியே கொண்டுவாருங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

நூலகக் கடன் பதிவுகள்: தாமதம் எப்போது கூடுகிறது?
வகுப்பு ப்ராஜெக்ட், 4 பேர் குழு, ஐந்தாம் செமஸ்டர்
– 1,840 கடன் பதிவுகளை எக்செல்லில் சுத்தம் செய்தேன். இரட்டைப் பதிவு, விடுபட்ட தேதி காரணமாக 128 வரிகளை நீக்கி, ஒவ்வொன்றுக்கும் காரணம் குறித்து வைத்தேன்.
– தேர்வு மாதத் தாமதம் 38%, மற்ற மாதங்களில் 21%. ஆர் மொழியில் கை-ஸ்கொயர் சோதனை செய்து வித்தியாசத்தைச் சரிபார்த்தேன்.
– நினைவூட்டல் மின்னஞ்சலின் நாளை மாற்றும் பரிந்துரையுடன் நூலகருக்கு ஒரு பக்கச் சுருக்கம் கொடுத்தோம்.

மூன்று வரிகளிலும் ஒரே அமைப்பு இருப்பதைப் பாருங்கள்: என்ன செய்தேன், எதைக் கொண்டு, எவ்வளவு, அதனால் என்ன கிடைத்தது. தலைப்பில்கூட 'பகுப்பாய்வு' இல்லை, ஒரு கேள்வி இருக்கிறது. ரெஸ்யூமை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் வினைச்சொல்லில் தொடங்குங்கள், 'நான்' வேண்டாம். முடிந்த வேலை என்பதால் கடந்த காலத்தில் இருக்கட்டும்.

முதல் இரண்டு வரிகளில் 'செய்தேன்', மூன்றாவதில் 'கொடுத்தோம்' என்று எழுதியது வேண்டுமென்றேதான். குழு ப்ராஜெக்டில் பொதுவாக நடப்பது, நான்கு பேரும் ஒரே பத்தியை நகலெடுத்து நான்கு ரெஸ்யூமில் ஒட்டிக்கொள்வது. ஒரே கல்லூரியிலிருந்து நான்கும் ஒரே மேசைக்கு வரும்போது அது பளிச்சென்று தெரிந்துவிடும். உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தரவுச் சுத்தமும் சோதனையும் உங்கள் பங்கு, வரைபடங்கள் இன்னொருவர் பங்கு என்று இருக்கிறது. அப்படியானால் வரைபடங்களைப் பற்றி உங்கள் ரெஸ்யூமில் ஒரு சொல்லும் வேண்டாம். அதையும் சேர்த்துக்கொண்டால் நேர்காணலில் 'இந்த அச்சை ஏன் இப்படி வைத்தீர்கள்' என்று கேட்பார்கள், நீங்கள் திணறுவீர்கள். அப்புறம் நிஜமாகவே நீங்கள் செய்ததையும் நம்பமாட்டார்கள்.

எண்களைப் போட்டால் கேள்வி வரும் என்ற பயம் சிலருக்கு உண்டு. வரட்டும், வருவதற்காகத்தான் போடுகிறோம். இந்த வரிகளைப் பார்த்தால் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். ஏன் கை-ஸ்கொயர், ஏன் டி-டெஸ்ட் இல்லை? தாமதமா இல்லையா, தேர்வு மாதமா இல்லையா என்று இரண்டுமே வகைகளாக இருக்கின்றன, சராசரி எடுக்க அங்கே எண் இல்லை என்று சொன்னால் போதும். கட்டங்களில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் குறையாமல் இருந்ததா? உங்கள் அட்டவணையில் குறையவில்லை, அறிக்கையிலேயே இருக்கிறது. தேர்வுதான் தாமதத்துக்குக் காரணமா? இங்கேதான் பலர் உற்சாகத்தில் 'ஆமாம்' என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதுதான் சோதனை சொல்வது. அந்த மாதத்தில் விடுமுறை நாள்கள் அதிகமாக இருந்திருக்கலாம், நூலகம் சீக்கிரம் மூடியிருக்கலாம். ரெஸ்யூம் வரியிலும் 'தேர்வினால் தாமதம் கூடுகிறது' என்று எழுதாமல் விட்டதற்கு அதுவே காரணம்.

பாடங்களைப் பற்றித் தனியாக ஒரு வரி போதும், கல்விக்கு அடியில். நீங்கள் இருபத்திரண்டு பாடங்களைக் குறியீட்டு எண்ணோடு போட்டிருக்கிறீர்கள். குறியீட்டு எண் உங்கள் கல்லூரிக்கு வெளியே யாருக்கும் புரியாது. 'புள்ளியியல்-III' என்ற பெயருக்கும் அதே கதிதான். விளம்பரத்தோடு பொருந்தும் நான்கைந்தை மட்டும் எடுத்து, உள்ளே என்ன படித்தீர்களோ அதைப் பெயராக எழுதுங்கள்: ரிக்ரஷன், மாதிரி எடுக்கும் முறைகள், கருதுகோள் சோதனை, டேட்டாபேஸ் அடிப்படை. இப்போது படித்துக்கொண்டிருக்கும் பாடத்தையும் சேர்க்கலாம், பக்கத்தில் 'நடப்பு செமஸ்டர்' என்று போட்டுவிடுங்கள்.

கிளப் விஷயத்தில் நீங்கள் எழுதியிருப்பது 'பொருளாளர், போட்டோகிராபி கிளப் – தலைமைப் பண்பும் குழு உணர்வும் வளர்ந்தன'. வளர்ந்ததா இல்லையா என்பதைப் படிப்பவர் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது. பொருளாளர் என்ற முறையில் கையால் என்ன செய்தீர்கள்? உறுப்பினர் சந்தாவை வசூலித்தீர்கள், கணக்கு வைத்தீர்கள். கணக்கை நோட்டில் வைத்தீர்களா, ஷீட்டில் வைத்தீர்களா? உங்களுக்கு முன்பு நோட்டில் இருந்து நீங்கள் ஷீட்டுக்கு மாற்றியிருந்தால் அதுதான் உங்கள் வரி: எத்தனை உறுப்பினர், எத்தனை மாதக் கணக்கு, ஆண்டு இறுதியில் யாரிடம் சமர்ப்பித்தீர்கள். அப்படி எதுவும் இல்லை, பெயருக்குத்தான் பதவி என்றால் பதவியையும் ஆண்டையும் மட்டும் போட்டுவிட்டு நகருங்கள். ஒரு வரிதான், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். உறுப்பினராக மட்டும் இருந்த மற்ற மூன்று கிளப்களை எடுத்துவிடலாம்.

சனிக்கிழமை வகுப்பு எனக்கு உங்கள் கிளப் பொறுப்பைவிட முக்கியமாகப் படுகிறது. ஆனால் 'சமூக சேவை' என்ற தலைப்பின் கீழ், ரத்ததான முகாமுக்கும் மரம் நடும் விழாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் நிகழ்ச்சியில் கலந்துகொண்டதும், ஒன்றரை ஆண்டாக வாரம் தவறாமல் போவதும் ஒரே கனம் உடையவை அல்ல. இன்டர்ன் எடுப்பவருக்கு உள்ளூர இருக்கும் கவலையே 'இந்தப் பிள்ளை இரண்டு வாரத்தில் காணாமல் போய்விடுமா' என்பதுதான். அந்தக் கவலைக்கு நேரடியான பதில் உங்களிடம் இருக்கிறது. இப்படி எழுதுங்கள்: 'எட்டாம் வகுப்பு மாணவர்கள் 12 பேருக்கு வாரம் 2 மணி நேரம் கணக்குப் பயிற்சி, 18 மாதமாகத் தொடர்கிறது; வாராந்தரச் சிறுதேர்வு மதிப்பெண்களை ஷீட்டில் பதிந்து, பின்தங்கும் பாடப்பகுதியை அடுத்த வாரம் மீண்டும் நடத்துகிறேன்.' 12, 2 என்பவை உதாரணத்துக்கு நான் போட்டவை, உங்கள் உண்மையான எண்ணை இடுங்கள். மதிப்பெண்ணைப் பதிந்து வைக்கும் பழக்கம் இல்லையென்றால் பின்பகுதியை வெட்டிவிடுங்கள். 'மாணவர் மதிப்பெண் 40 சதவீதம் உயர்ந்தது' என்பதுபோல் எதையும் கற்பனையில் சேர்க்காதீர்கள். எப்படி அளந்தீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும், புள்ளியியல் மாணவியிடம் இன்னும் கறாராக வரும்.

சரி, அந்தப் பதினோரு சான்றிதழ்கள். இதைச் சொன்னால் மனம் வருந்தும், ஆனால் எட்டைக் கழிக்க வேண்டும். சலிக்க இரண்டு கேள்விகள் போதும்: சான்றிதழ் தருவதற்கு முன் தேர்வோ செய்முறைப் பணியோ வைத்தார்களா? அதில் கற்றது இந்த வேலைக்கு உதவுமா? உங்கள் பட்டியலில் ஐந்து ஒரு நாள் வெபினாரில் கலந்துகொண்டதற்கானவை. இணைப்பைத் திறந்து வைத்திருந்தாலே கிடைக்கும் சான்றிதழ் அது, படிப்பவருக்கும் அது தெரியும். இரண்டு டிஜிட்டல் மார்க்கெட்டிங், ஒன்று ஃபோட்டோஷாப். நல்ல படிப்புதான், இந்த விண்ணப்பத்துக்கு வேண்டாம். மிஞ்சுவது எஸ்க்யூஎல், எக்செல், ஆர் ஆகிய மூன்று. ஒவ்வொன்றுக்கும் படிப்பின் பெயர், வழங்கிய அமைப்பு, முடித்த மாதமும் ஆண்டும், சரிபார்ப்பு இணைப்பு இருந்தால் அது, அவ்வளவுதான். சான்றிதழின் படத்தை ஸ்கேன் செய்து ரெஸ்யூமுக்குப் பின்னால் தைக்க வேண்டாம், கேட்டால் கொடுக்கலாம்.

பலவீனமான சான்றிதழ்கள் கூடக்கூட நல்லதின் மதிப்பு குறைகிறது என்பது என் அனுபவம். பதினொன்றைப் பார்க்கும் கண் எதிலும் நிற்காது. இன்னொன்றும் கவனித்தேன். எஸ்க்யூஎல் சான்றிதழ் இருக்கிறது, ஆனால் ரெஸ்யூமில் வேறெங்கும் எஸ்க்யூஎல் பயன்படுத்திய தடயம் இல்லை. ஒரு வார இறுதியை ஒதுக்கி, சுத்தம் செய்த அதே நூலகப் பதிவுகளை ஒரு சிறிய டேபிளாக ஏற்றி, நீங்கள் எக்செல்லில் எடுத்த சதவீதத்தையே எஸ்க்யூஎல் வினவல் எழுதி எடுத்துப் பாருங்கள். இவ்வளவு சிறியதாக இருந்தால் போதும்:

```sql
SELECT exam_month,
       COUNT(*) AS loans,
       ROUND(100.0 * SUM(is_late) / COUNT(*), 1) AS late_pct
FROM loans
GROUP BY exam_month;
```

`is_late` என்ற நெடுவரிசையில் தாமதம் என்றால் 1, இல்லையென்றால் 0; `exam_month` நெடுவரிசையில் தேர்வு மாதம் என்றால் 1, மற்ற மாதம் என்றால் 0. விடை 38, 21-க்குப் பொருந்தி வந்தால் ப்ராஜெக்டின் இரண்டாவது வரியில் 'எஸ்க்யூஎல் வழியாகவும் சரிபார்த்தேன்' என்று சேர்த்துக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால் இரண்டில் ஒன்றில் பிழை இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பது இன்னும் நல்ல பயிற்சி. இப்போது சான்றிதழும் திறனும் ப்ராஜெக்டும் ஒன்றையொன்று தாங்கும். எழுதிய கோடிங்கை `GitHub`-இல் போட்டு இணைப்பைத் தரலாம். ஆனால் கடன் வாங்கியவர்களின் பெயரும் பதிவு எண்ணும் உள்ள தரவுக் கோப்பை அங்கே ஏற்றிவிடாதீர்கள். நெடுவரிசைப் பெயர்களும் கோடிங்கும் இருந்தால் போதும். அடுத்தவர் விவரத்தை இப்படிப் பொதுவெளியில் போடுபவரைத் தரவு வேலைக்கு எடுக்க யாரும் தயங்குவார்கள்.

திறன்கள் பகுதியில் எக்செல்லுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்கள். யார் அளந்தது? நட்சத்திரங்களை எடுத்துவிட்டு, 'எக்செல் – பிவட் டேபிள், எக்ஸ்லுக்கப், தரவுச் சுத்தம்' என்று எதைச் செய்ய வரும் என்பதைச் சொல்லுங்கள். 'கடின உழைப்பு, நேர்மை' போன்றவற்றுக்கு அந்தப் பகுதியில் வேலை இல்லை.

வடிவமைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது, உங்களுக்குப் பதில் வராததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். நீங்கள் எடுத்திருப்பது இடதுபக்கம் நிறப்பட்டையோடு இரண்டு பத்தியாகப் பிரிந்த டெம்ப்ளேட். இணைய விண்ணப்பங்களைப் பல நிறுவனங்கள் ஒரு மென்பொருள் வழியாகத்தான் வாங்குகின்றன. அது பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை மட்டும் உருவி எடுக்கும். இரண்டு பத்தி, டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் இருந்தால் வரிகள் கலந்து வர வாய்ப்புண்டு. சோதிக்க எளிய வழி: பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். உங்களுடையதை ஒட்டிப் பார்த்தேன். தொலைபேசி எண்ணின் நடுவில் கல்லூரிப் பெயர் நுழைந்திருக்கிறது, திறன்கள் பகுதி ஐகான்களாக இருந்ததால் வெறும் கட்டங்களாக வருகிறது. ஒரே பத்தி, சாதாரண எழுத்துரு, 10 அல்லது 11 புள்ளி அளவு, வழக்கமான தலைப்புகள் என்று மாற்றி மீண்டும் ஒட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்க முடிந்தால் சரியாகிவிட்டது. கோப்பின் பெயர் `resume_final_new2.pdf` என்று இருக்கிறது. அதில் உங்கள் பெயரும் பணியின் பெயரும் இருக்கட்டும்.

மாற்றிய பின் வரிசை இப்படி அமையும்: பெயர், தொடர்பு விவரம், கல்வி, அதற்கடியில் பாடங்கள், நூலக ப்ராஜெக்ட், திறன்கள், சனிக்கிழமை வகுப்பு, கிளப், மூன்று சான்றிதழ்கள். இதே ரெஸ்யூமை எல்லா இடத்துக்கும் அனுப்பாதீர்கள். எல்லாம் அடங்கிய ஒரு மூலக்கோப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விளம்பரத்தையும் படித்து அவர்கள் முதலில் கேட்பது எதுவோ அது மேலே வரும்படி எடுத்து அடுக்குங்கள். சர்வே நடத்தும் நிறுவனம் என்றால் பாடங்களில் மாதிரி எடுக்கும் முறைகள் முன்னால் வரட்டும். கல்வித் துறையில் இயங்கும் அமைப்பு என்றால் சனிக்கிழமை வகுப்பு ப்ராஜெக்டுக்கு அடுத்ததாக ஏறட்டும். நீங்கள் நீக்கிய ஃபோட்டோஷாப் சான்றிதழ்கூட, வரைபட வடிவமைப்பு கேட்கும் இடத்துக்குத் திரும்ப வரலாம். பத்து நிமிட வேலைதான்.

மேலே சொன்ன மூன்றாவது விஷயம் உங்கள் ரெஸ்யூமில் எங்குமே இல்லை: எப்போது வர முடியும் என்பது. பெயருக்குக் கீழே, தொடர்பு விவரத்தை ஒட்டி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, முழு நேரமா பகுதி நேரமா, நேரில் வர முடியுமா என்று ஒரு வரி போடுங்கள். நிறுவனத்துக்கு எட்டு வாரம் தேவைப்பட்டு உங்களிடம் ஐந்து வாரம்தான் இருக்கிறது என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். தேதி பொருந்துகிற இடத்தில் அந்த வரியே உங்களைக் கூப்பிடக் காரணமாகலாம். மின்னஞ்சலிலும் இதே வரியும், நூலக ப்ராஜெக்ட் பற்றி இரண்டு வாக்கியமும் போதும். ரெஸ்யூமைப் பார்க்கவும் என்று மட்டும் எழுதி அனுப்பினால் இணைப்பைத் திறக்காமலே கடந்துவிடுபவர்கள் உண்டு.